இரண்டு பற்றரி, மூன்று பல்ப்: தரம் 5 பிள்ளைகளுக்குத் தொடர்ச் சுற்றும் சமாந்தரச் சுற்றும்

முதல் தடவையாக இந்தப் பாடத்தை எடுக்கப் போகிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குச் செய்து காட்ட நினைக்கிற அம்மா அப்பாவும் இதை வைத்துச் செய்யலாம். இரண்டு பல்பைத் தொடராகக் கொழுவினால் மங்கும், சமாந்தரமாகக் கொழுவினால் மங்காது, இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மேசையில் வைத்துச் செய்யும்போது பல்புகள் பாதி நேரம் சொல்பேச்சுக் கேட்காது. பிள்ளைகள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார்கள், நாங்கள் வாயால் சொல்வதை அல்ல, அதனால் பிழையான பல்பைக் கொடுத்தால் பிழையான விஞ்ஞானத்தைத்தான் படித்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு முதல் வருஷம் அதுதான் நடந்தது. கையில் கிடைத்த டோர்ச் பல்புகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு போனேன். ஒரு குழு இரண்டு பல்பைத் தொடராகக் கொழுவியது, ஒன்று நன்றாக எரிந்தது, மற்றது இரும்புக் கம்பி பழுத்த மாதிரி மெல்லிய சிவப்பு. ஒரு பிள்ளை உடனே எழும்பி, "மிஸ், முதல் பல்பே கரண்டைக் குடிச்சிட்டுது, ரெண்டாவதுக்கு மிச்சம்தான் வருது" என்றாள். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. அது பிழை என்று எனக்குத் தெரியும், ஆனால் மேசையில் இருந்த பல்புகள் அவள் பக்கம் நின்றன. அன்றைக்கு நான் செய்யத் தவறியதை இந்தக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன், இந்தப் பாடத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் சாமான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலக்ட்ரோனிக் சாமான் விற்கிற கடைகளில் எல்லாம் கிடைக்கும். கடையில் "டோர்ச் பல்ப்" என்று மட்டும் கேட்காதீர்கள், இப்போது எல்.ஈ.டி.யைத்தான் எடுத்துத் தருவார்கள். எல்.ஈ.டி. ஒரு பக்கமாகக் கொழுவினால்தான் எரியும், வெள்ளை நிறமானதற்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், அதனால் இரண்டைத் தொடராகப் போட்டால் மங்காது, எரியவே எரியாது. உள்ளே மெல்லிய இழை தெரிகிற, முறுக்கிப் பூட்டுகிற பழைய வகை பல்ப் என்று சொல்லிக் கேளுங்கள். பல்பின் கழுத்தில் சின்ன எழுத்தில் 2.5 வோல்ட், 0.3 அம்பியர் என்று அடித்திருப்பது நல்லது. எல்லாப் பல்பிலும் அந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிந்தால் ஒரே பெட்டியிலிருந்து எடுங்கள்.

பற்றரிக்குப் பெரிய டோர்ச் பற்றரி, 1.5 வோல்ட், சாதாரண கார்பன் வகை, குழுவுக்கு இரண்டு. அல்கலைன் வேண்டாம், வயர் தவறுதலாக நேரே பட்டுவிட்டால் அது மிக வேகமாகச் சூடாகும். போன் பற்றரி, திரும்பச் சார்ஜ் பண்ணுகிற பற்றரி எதுவும் வகுப்புக்குள் வரவே கூடாது. சதுரமான 9 வோல்ட் பற்றரியும் வேண்டாம், 2.5 வோல்ட் பல்ப் அதில் ஒரு கணம் பளிச்சிட்டுக் கருகிவிடும். சின்ன பென் பற்றரியைப் பாவிக்கலாமா என்று கேட்பீர்கள். பாவிக்கலாம், ஆனால் சமாந்தரமாக இரண்டு மூன்று பல்ப் கொழுவும்போது அது தாக்குப்பிடிக்காமல் எல்லாப் பல்பும் சேர்ந்து மங்கும், பிறகு சமாந்தரத்திலும் மங்கத்தானே செய்யுது என்று பிள்ளை கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

32 பேர் உள்ள வகுப்பென்றால் நாலு நாலு பேராக 8 குழு. ஒரு குழுவுக்கு இரண்டு பற்றரி, மூன்று பல்ப், மூன்று ஹோல்டர், ஒரு சாண் நீளத்தில் ஆறு ஏழு வயர்த் துண்டு. இரண்டு பற்றரியையும் ஒன்றின் தலை மற்றதன் அடியில் படும்படி வைத்து, தடித்த கடுதாசியில் இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வயரைச் செல்லோடேப்பால் ஒட்டி முதல் நாளே தயாராக வைத்துவிடுங்கள். அதைப் பிள்ளைகளிடம் விட்டால் 40 நிமிஷப் பாடத்தில் 20 நிமிஷம் செல்லோடேப்போடேயே போய்விடும்.

முதல் நாள் இரவு ஒவ்வொரு பல்பையும் ஒவ்வொரு ஹோல்டரையும் எரித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தை பம்பலப்பிட்டி மாதிரி இடங்களில், உப்புக்காற்றில் ஒரு வருஷம் கிடந்த ஹோல்டரின் உள்தகடும் செப்புக் கம்பியும் கறுத்துப் பச்சை பிடித்திருக்கும். மண்கடுதாசியால் ஒரு தரம் தேய்த்தால் சரி. எரியாத சுற்றுகளில் பெரும்பாலானவை பிழையாகக் கொழுவியதால் எரியாமல் இருப்பதில்லை, இந்தக் கறையாலும் வயரின் பிளாஸ்டிக் உறையை முழுதாக உரிக்காததாலும்தான்.

சரி, வகுப்புக்குள் போவோம்.

எடுத்த எடுப்பில் ஹோல்டரைக் கொடுக்க வேண்டாம். ஒரு பல்ப், பற்றரிச் சுருள், அதில் ஒட்டிய இரண்டு வயர், இவ்வளவையும் கொடுத்து "எரிய வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் இரண்டு வயரையும் பல்பின் அடியில் இருக்கிற புள்ளியிலேயே வைப்பார்கள். எரியாது. இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் பற்றரி சூடாகும், அதனால் மேசைக்கு மேசை நடந்துகொண்டே இருங்கள், முட்டினால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள். பல்புக்கு இரண்டு வாசல், ஒன்று அடிப்புள்ளி, மற்றது புரிகள் உள்ள உலோகப் பக்கம், ஒன்றால் போய் இழை வழியாக மற்றதால் வெளியே வர வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். இதைக் கண்டுபிடிக்காத பிள்ளைக்குப் பின்னால் வருகிற எதுவும் விளங்காது. அப்புறம் ஹோல்டரைக் கொடுங்கள். ஹோல்டரின் இரண்டு ஆணியும் அந்த இரண்டு வாசல்தான் என்று காட்டிவிட்டால் போதும்.

இப்போது ஹோல்டரில் ஒரு பல்ப் எரிகிறது. அந்த வெளிச்சத்தை நன்றாக மனதில் வைக்கச் சொல்லுங்கள், மிச்சம் எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடப் போகிறோம். பகல் வெளிச்சம் நேரே விழுகிற வகுப்பில் வித்தியாசம் தெரியாது. ஒரு சப்பாத்துப் பெட்டியைச் சரித்து வைத்து அதற்குள்ளே பல்பை வைத்தால் நன்றாகத் தெரியும். இன்னும் திட்டமாகப் பார்க்க விரும்பினால் கொப்பித் தாளை மடித்து மடித்துப் பல்புக்கு முன்னால் பிடித்து, எத்தனை மடிப்பில் வெளிச்சம் மறைகிறது என்று எண்ணலாம். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு எண் வரும், பரவாயில்லை. ஒரே குழு ஒரே தாளால் முன்னுக்கும் பின்னுக்கும் எண்ணினால் சரி.

அடுத்தது தொடர். ஒரு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் இரண்டாவது பல்பைச் செருகச் சொல்லுங்கள். பற்றரியிலிருந்து முதல் பல்ப், அதிலிருந்து இரண்டாவது பல்ப், அதிலிருந்து திரும்பப் பற்றரி. கடைசி வயரைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாமல் தொட்டால், பார்த்த பிறகு எல்லோரும் "எனக்கு முதலே தெரியும்" என்பார்கள், அவர்கள் மனதில் உண்மையில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாமல் போய்விடும்.

தொட்டதும் இரண்டு பல்பும் செம்மஞ்சளாக மங்கி எரியும். பாதி வெளிச்சம் என்று சொல்லிவிடாதீர்கள். பற்றரியின் 3 வோல்ட்டும் இரண்டுக்கும் பங்காகி ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைதான் கிடைக்கிறது, இழை அவ்வளவு சூடாவதில்லை, சூடு குறைந்தால் வெளிச்சம் பாதியைவிட நிறையவே கீழே விழுந்துவிடும். மூன்றாவது பல்பையும் செருகினால் இழை சிவப்பாகத் தெரிவதே பெரிது. பல்ப் போய்விட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள், பெட்டிக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன இடம். இரண்டு பல்பும் ஒரே மாதிரி எரிகின்றனவா என்று கேளுங்கள். ஒரே எண் உள்ள பல்ப் என்றால் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் எரியும், "முதல் பல்ப் குடித்துவிட்டது" என்ற எண்ணத்துக்கு அங்கேயே இடமில்லை. இருந்தாலும் ஏதோ ஒரு குழுவில் ஒன்று கொஞ்சம் கூடவும் மற்றது கொஞ்சம் குறையவும் எரியும், பல்புகள் அச்சில் வார்த்த மாதிரி வருவதில்லை. அப்போது விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். இரண்டு பல்பையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள், வயரில் கை வைக்கக் கூடாது. கூட எரிந்த பல்ப் இரண்டாவது இடத்துக்குப் போயும் அதே மாதிரிக் கூடத்தான் எரியும். முதலாவதாக இருப்பதுதான் காரணமென்றால் வெளிச்சம் இடத்தோடு நின்றிருக்க வேண்டும், அது பல்போடு சேர்ந்து போய்விட்டது. பற்றரிச் சுருளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம், அப்போதும் அந்தப் பல்புதான் கூட எரியும். வளையத்தில் ஓடுகிற மின்னோட்டம் எந்த இடத்திலும் ஒரே அளவுதான், பல்ப் அதைத் தின்பதில்லை. சைக்கிள் செயினை மிதித்தால் முழுச் செயினும் ஒன்றாக நகர்கிற மாதிரி, ஒரு கண்ணி முன்னுக்கு வேகமாகவும் பின்னுக்கு மெதுவாகவும் போக முடியாது. பற்றரியிலிருந்து செலவாவது வேறு ஒன்று, சக்தி. அது வெளிச்சமாகவும் சூடாகவும் போகிறது.

அன்றைக்கு என் வகுப்பில் ஒரு பல்ப் 0.3 அம்பியர், மற்றது 0.2 என்று பிறகுதான் கழுத்தைப் பார்த்தேன். தொடரில் 0.2 பல்ப் நன்றாக எரியும், 0.3 பல்ப் சிவந்து கிடக்கும். அதே இரண்டையும் சமாந்தரமாகப் போட்டால் மாறி 0.3 பல்புதான் கூட வெளிச்சம் தரும். இதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தரம் 5க்குச் சொல்லத் தேவையில்லை.

தொடரில் இன்னும் ஒரு வேலை. ஒரு பல்பை ஹோல்டரிலிருந்து கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள், மற்றதும் அணையும். இங்கே வெசாக் சரத்தை ஞாபகப்படுத்தினால் பிள்ளைகளின் கண் விரியும், கொழும்பில் மே மாதம் பார்க்காத பிள்ளை இல்லை. பழைய இழை பல்ப் சரத்தில் 40 பல்ப் தொடராக இருந்தால், சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட்டை 40 ஆகப் பங்கிட்டு ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அதனால்தான் அவ்வளவு சின்னப் பல்ப் கருகாமல் எரிகிறது. ஒன்று போனால் சரம் முழுக்க இருட்டு. ஆனால் அந்தச் சரத்தை வகுப்பில் செருகிக் காட்டவே கூடாது, ஒரு பல்பைக் கழற்றிய குழியில் 6 வோல்ட் அல்ல, முழு 230 வோல்ட்டும் நிற்கும். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லியே ஆக வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சுவர்ப் பிளக்கில் எதையும் செய்து பார்க்கக் கூடாது என்று தெளிவாக.

இனிச் சமாந்தரம். இங்கே பலர் தொடர்ச் சுற்றைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்வார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. பழையபடி ஒற்றைப் பல்பை எரிய விட்டு, அதை அணைக்காமல், இரண்டு வயரை எடுத்து எரிகிற பல்பின் இடது ஆணியிலிருந்து இரண்டாவது பல்பின் இடது ஆணிக்கும், வலது ஆணியிலிருந்து வலது ஆணிக்கும் கொழுவச் சொல்வேன். இரண்டாவது பல்ப் எரியத் தொடங்குகிற அந்தக் கணத்தில் எல்லோருடைய கண்ணும் புதுப் பல்பில் நிற்கும். ஆனால் பார்க்க வேண்டியது முதல் பல்பை, அதில் ஏதும் மாறுதா என்று. குழுவில் ஒருவரை அதற்கென்றே காவல் வையுங்கள். மாறாது. பற்றரி புதிதென்றால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் பழையதென்றால் ஒரு சின்ன மங்கல் தெரியும், நன்றாகக் களைத்த பற்றரியென்றால் இரண்டும் தெளிவாக மங்கிப் பாடமே கெட்டுவிடும். ஒரு பல்புக்குக் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு பற்றரி கொடுக்க வேண்டி இருக்கிறது, இளைத்த பற்றரியால் அது முடியாது. அதனால் புதுப் பற்றரியைச் சமாந்தரப் பகுதிக்கு என்று ஒதுக்கி வைத்தாலும் தப்பில்லை. கூடக் கொடுக்கிற பற்றரி வேகமாகத் தீர்ந்தும் போகும், இரண்டு பல்பும் முழு வெளிச்சத்தில் எரிவது இலவசமாக இல்லை என்று யாராவது ஒரு பிள்ளை கேட்காமலே சொல்லும்.

இதிலும் ஒரு பல்பைத் தளர்த்துங்கள், மற்றது எரிந்துகொண்டே இருக்கும். வீட்டில் குளியலறைப் பல்ப் போனால் ஹோல் ஃபேன் நிற்கிறதா என்று கேளுங்கள், வீட்டு வயரிங் எந்த வகை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இங்கே நம் சொல்லே ஒரு குழியைத் தோண்டுகிறது. சமாந்தரக் கோடுகள் என்று கணித பாடத்தில் படித்த பிள்ளை, சமாந்தரச் சுற்று என்றால் பல்புகள் பக்கத்துப் பக்கத்தில் நேராக நிற்பது என்று நினைக்கும். தொடராகக் கொழுவிய இரண்டு பல்பை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், வகுப்பில் பாதிப்பேர் "சமாந்தரம்" என்பார்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை, விரல் போதும். பற்றரியின் ஒரு முனையில் விரலை வைத்து, வயர் வழியே நகர்த்தி, பல்பைத் தாண்டி, மற்ற முனைக்குப் போக வேண்டும். எந்த இடத்திலாவது "இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம்" என்று விரல் தயங்கினால் அது சமாந்தரம். தயங்காமல் ஒரே வழியில் எல்லாப் பல்பையும் தொட்டுக்கொண்டு போனால் தொடர். பல்பை மேசையில் எங்கே வைத்தாலும், வயரை எப்படி வளைத்தாலும் இது மாறாது. கொப்பியில் படம் வரைவதையும் இந்த விரல் ஓட்டத்துக்குப் பிறகே வையுங்கள், முதலில் படத்தைக் கொடுத்தால் படத்தின் வடிவத்தைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

எரியாத பல்பைக் கண்டுபிடிக்க ஒரு வயர்த் துண்டால் சோதிக்கிற முறையையும் கற்றுக்கொடுக்கலாம். தொடரில் எதுவும் எரியவில்லையென்றால் ஒரு பல்பின் இரண்டு ஆணியையும் வயரால் சேர்த்துப் பாருங்கள், மற்றது பளிச்சென்று எரிந்தால் வயரால் தாண்டிய பல்பில்தான் கோளாறு. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். அதனால்தான் ஆபத்தும் வருகிறது, பிடித்த வேலையைச் சமாந்தரத்திலும் செய்து பார்ப்பார்கள். அங்கே ஒரு பல்பின் இரண்டு ஆணியைச் சேர்ப்பதும் பற்றரியின் இரண்டு முனையை நேரே சேர்ப்பதும் ஒன்றுதான். எல்லாப் பல்பும் ஒரே நேரத்தில் அணையும், வயரும் பற்றரியும் சூடாகத் தொடங்கும். குறுஞ்சுற்று என்ற சொல்லை நான் இங்கேதான் சொல்வேன். ஒரு குழுவில் திடீரென்று எல்லாம் அணைந்தால் பல்பைப் பார்க்க வேண்டாம், முதலில் பற்றரியில் ஒட்டிய வயர் ஒன்றைப் பிடுங்குங்கள், பிறகு காரணத்தைத் தேடலாம். இந்தச் சோதனை தொடருக்கு மட்டும் என்று பலகையில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு விளங்கியதா என்று பார்க்க வினாத்தாள் தேவையில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டியின் மூடியில் மூன்று ஹோல்டரைப் பூட்டி, வயர் எல்லாவற்றையும் பற்றரியோடு உள்ளே மறைத்து மூடிவிடுங்கள். முதல் பல்பை நேரே பற்றரிக்குக் கொழுவுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் தமக்குள் தொடராகக் கொழுவி, அந்தச் சோடியை முதல் பல்புக்குச் சமாந்தரமாக வையுங்கள். வெளியே மூன்று பல்ப் மட்டும் தெரியும், ஒன்று பிரகாசமாக, இரண்டு மங்கலாக. பெட்டியைத் திறக்கக் கூடாது, பல்பைத் தளர்த்தலாம், திரும்ப இறுக்கலாம். உள்ளே எப்படிக் கொழுவியிருக்கிறது என்று வரைய வேண்டும்.

போன தவணை ஒரு பையன் இரண்டாவது பல்பைத் தளர்த்தினான், மூன்றாவதும் அணைந்தது, முதலாவது அப்படியே எரிந்தது. அதை இறுக்கிவிட்டு முதலாவதைத் தளர்த்தினான், மங்கல் சோடி மங்கலாகவே இருந்தது. கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொப்பியில் வரைவதற்கு முன் மூடியின் மேல் விரலை வைத்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாத வயர் வழியே நகர்த்திக்கொண்டு போனான். முதல் பல்புக்குப் போகிற இடத்தில் விரல் நின்றது. "மிஸ், இங்க ரெண்டு வழி இருக்கு" என்றான்.